கடைக்கு வந்து சேரும் வெங்காயத்தின் உண்மையான அடக்கவிலை

தோட்டப்புறங்களிலிருந்து காஜாங், செமினி, பாங்கி போன்ற ஊர்களுக்குக் குடிபெயர்ந்த நம்மவருள் சிலர், இன்று மளிகைக்கடை நடத்திப் பிழைத்து வருகின்றனர். மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்பதோடு நில்லாமல், நான்கைந்து கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து இந்தியாவிலிருந்து நேரடியாகச் சரக்கு வரவழைக்கும் முயற்சியும் ஆங்காங்கே நடைபெறுகிறது. இவ்வாறு வரவழைப்போர் இடறி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஏற்றுமதியாளர் அனுப்பும் விலைச்சீட்டில் காணும் தொகையையே பொருளின் அடக்கவிலை என்று அவர்கள் கொண்டுவிடுகின்றனர். அந்தத் தொகைக்கும் காஜாங் கடையின் தட்டில் எழுதப்படவேண்டிய விலைக்கும் இடையே எத்தனை படிகள் உள்ளன என்பதை, இந்தியப் பெரிய வெங்காயத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்க விரும்புகிறோம்.

மகாராஷ்டிர மாநிலத்தின் நாசிக் மாவட்டத்தில் விளையும் வெங்காயம், லாசல்காவ் போன்ற சந்தைகளில் ஏலம் விடப்பட்டு, வலைப்பைகளில் நிரப்பப்பட்டு, மும்பைக்கு அருகிலுள்ள நவ சேவா துறைமுகத்தில் கப்பலேறுகிறது. அங்கிருந்து கிள்ளான் துறைமுகம் வந்து சேர ஏறத்தாழப் பத்து நாள் ஆகும். கிள்ளானிலிருந்து காஜாங்கிற்கு லாரியில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டும். நாற்பது அடிக் கொள்கலன் ஒன்றில் ஏறத்தாழ 28 டன் ஏற்றலாம். அவ்வளவையும் ஒரு சிறு கடை விற்றுத் தீர்க்க இயலாது. ஆதலால், பங்காக ஒரு டன் எடுத்துக்கொள்ளும் கடையொன்றின் கணக்கைப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் கணக்கு விளங்கும்பொருட்டு நாமே வைத்துக்கொண்டவை. அவரவர் தத்தம் விலைச்சீட்டிலுள்ள எண்களை அவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ளலாம்.

இந்தியத் துறைமுகத்தில் கப்பலேறும் வரையிலான விலை டன்னுக்கு 400 அமெரிக்க டாலர் என்றும், ஒரு டாலருக்கு 4 வெள்ளி 20 காசு என்றும் கொள்வோம். சரக்கின் விலை 1,680 வெள்ளி ஆகிறது. கப்பல் கூலியில் நம் பங்கு 60 டாலர், அதாவது 252 வெள்ளி. காப்புறுதிக்கு 8 வெள்ளி. ஆக, கிள்ளான் துறைமுகத்தைத் தொடும்போது சரக்கின் மதிப்பு 1,940 வெள்ளி. இதன்மேல் துறைமுகக் கட்டணம், சரக்கு முகவரின் கூலி, பரிசோதனைக் கட்டணம், லாரி வாடகை, இறக்குகூலி ஆகியவற்றில் நம் பங்கு 140 வெள்ளியும், வங்கிவழிப் பணம் அனுப்பும் செலவு முதலிய சில்லறைகள் 20 வெள்ளியும் சேர்கின்றன. மொத்தம் 2,100 வெள்ளி. ஒரு டன் என்பது 1,000 கிலோ. எனவே கிலோ 2 வெள்ளி 10 காசு என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேயே நின்றுவிடக்கூடாது.

வரியைப் பற்றி முதலில் சுருக்கமாகக் கூறிவிடுவோம். வெங்காயத்திற்கு நம் நாட்டில் இறக்குமதி வரியும் இல்லை, விற்பனை வரியும் இல்லை. ஆயினும், அதே கடைக்காரர் மிட்டாயோ பலகாரமோ வரவழைத்தால் வரி குறுக்கிடலாம். வீதம் பொருளுக்குப் பொருள் மாறும். சுங்க வரிப் பட்டியலில் அப்பொருளின் எண்ணைக் கண்டு, சரக்கு புறப்படுமுன்பே முகவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இங்கு நினைவில் வைக்கவேண்டியது, வரி விலைச்சீட்டின் தொகைமீது மட்டும் விதிக்கப்படுவதன்று என்பதே. கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த மதிப்பின்மீது இறக்குமதி வரி. அந்த மதிப்பும் இறக்குமதி வரியும் சேர்ந்த தொகையின்மீது விற்பனை வரி. 5,000 வெள்ளிச் சரக்கிற்கு முன்னது பத்து விழுக்காடும் பின்னது ஐந்து விழுக்காடும் என்று வைத்துக்கொண்டால், 500 வெள்ளியும், 5,500இன்மீது 275 வெள்ளியும் கட்டவேண்டிவரும். கப்பல் கூலி உயர்ந்தால் வரியும் தானே உயரும்.

இனி வெங்காயத்திற்கு மீள்வோம். அது உயிருள்ள பொருள். மூச்சு விடுகிறது, ஈரத்தை இழக்கிறது, காலம் கடந்தால் முளைக்கிறது. கொள்கலனைத் திறக்கும் நாளில் எடை குறைந்திருப்பதைத் தராசு காட்டும். பின்னர்க் கடையில் பொறுக்கும்போது கழுத்து மெலிந்து அழுத்தினால் அமுங்குபவை, தோலுக்கடியில் கரித்தூள் போலப் பூஞ்சணம் படிந்தவை, முளைவிட்டவை ஆகியவற்றைத் தள்ளவேண்டியிருக்கும். பையின் அடிப்புறத்தில் ஈரக்கறையும் புளித்த வாடையும் தென்பட்டால், அந்தப் பையை அன்றே பிரித்துக் கொட்டிப் பொறுக்க வேண்டும். மறுநாளைக்கு விட்டால் அழுகிய ஒன்று அடுத்தடுத்தவற்றையும் கெடுத்துவிடும். நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் இதற்கு நல்ல துணை!

அறுவடைப் பருவத்தையும் கவனிக்க வேண்டும். மார்ச்சு முதல் மே வரை அறுவடையாகும் ரபி பருவ வெங்காயம் நன்கு உலர்ந்து, மாதக்கணக்கில் தாங்கும். மழைக்காலத்தில் வளர்ந்து ஆண்டிறுதியில் சந்தைக்கு வரும் கரீப் வெங்காயத்தில் நீர்ச்சத்து மிகுதி, விரைவில் கெடும். இரண்டுக்கும் ஒரே சேத விழுக்காட்டைப் போடுவது சரியன்று.

எடை வற்றியது 50 கிலோ, பொறுக்கித் தள்ளியது 70 கிலோ, ஆக 120 கிலோ சேதம் என்று கொள்வோம். விற்பனைக்கு எஞ்சுவது 880 கிலோ. 2,100 வெள்ளியையும் இந்த 880 கிலோ சுமந்தாக வேண்டும். வகுத்துப் பார்த்தால் கிலோ 2 வெள்ளி 39 காசு. சிலர் 2 வெள்ளி 10 காசுடன் அதன் பன்னிரண்டு விழுக்காட்டைக் கூட்டி, 2 வெள்ளி 35 காசு என்று எழுதுவர். நான்கு காசுதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால், ஈரச்சரக்கு வந்து சேதம் 25 விழுக்காடானால், உண்மையான அடக்கம் 2 வெள்ளி 80 காசு. கூட்டிப் போட்டவரின் கணக்கோ 2 வெள்ளி 63 காசிலேயே நின்றுவிடும். சேதம் மிகமிகப் பிழையும் பெரிதாகும். ஆதலால் கூட்டாமல், விற்கத்தக்க கிலோவால் வகுப்பதே முறை.

கொள்கலன் துறைமுகத்தில் தங்கிவிட்டாலும் அடக்கம் ஏறும். இலவச நாள்கள் கழிந்தபின் ஒவ்வொரு நாளும் வாடகை கட்டவேண்டும். உள்ளே வெங்காயமும் கெட்டுக்கொண்டிருக்கும். தாமதத்திற்குக் காரணம் பெரும்பாலும் தாள்களே. மாக்கிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல், பரிசோதனைச் சேவைத் துறையின் இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி நாட்டின் தாவரநலச் சான்றிதழும் வேண்டும். தரம் பிரித்தல், பொட்டலமிடல், விவரச்சீட்டு ஒட்டுதல் ஆகியவை குறித்து ஃபாமா செயற்படுத்தும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்கு ஏற்ப, ஒவ்வொரு பையிலும் விவரம் இருக்க வேண்டும். இவற்றைச் சரக்கு கடலில் இருக்கும் பத்து நாளுக்குள் சரிபார்த்துவிடலாம்.

அடுத்து, நாணய மாற்று. 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று நிலையாக இருந்தது. அக்காலத்தில் 400 டாலர் வெங்காயம் என்றும் 1,520 வெள்ளிதான். 2024 பிப்ரவரியில் டாலர் ஏறத்தாழ 4 வெள்ளி 80 காசைத் தொட்டபோது, அதே 400 டாலருக்கு 1,920 வெள்ளி தேவைப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் 4 வெள்ளி 20 காசுக்கும் கீழே இறங்கியது. இந்தியாவிலிருந்து வரும் சரக்கேயாயினும் விலைச்சீட்டு பெரும்பாலும் டாலரில் வருவதால், ரூபாய் விழுந்தது என்று கேட்டு மகிழ்ந்துவிட முடியாது.

கடனுக்கு வாங்கி முப்பது நாள் கழித்துப் பணம் அனுப்புபவர், சரக்கு வந்த நாளின் வீதத்தில் விலை எழுதினால் ஆபத்துண்டு. நம் எடுத்துக்காட்டில் டாலர் 4 வெள்ளி 40 காசானால் 80 வெள்ளி கூடுதலாகச் செலுத்த நேரும். 880 கிலோவில் அது கிலோவுக்கு 9 காசு. அடுத்த சரக்கை என்ன வீதத்தில் வாங்க நேருமோ அந்த வீதத்தில் இன்றைய விலையைச் சோதித்துப் பார்ப்பதே நன்று என்பது எமது கருத்து. இல்லையேல், விற்று வந்த பணத்தில் அதே அளவு சரக்கைத் திரும்ப வாங்க முடியாமற்போகும்.

ஏற்றுமதி நாட்டின் முடிவுகளும் கணக்கைத் தலைகீழாக்கும். இந்திய அரசு 2023 டிசம்பர் 8ஆம் நாள் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே 4ஆம் நாள் தடை நீங்கியபோது, டன்னுக்குக் குறைந்தது 550 டாலர் விலையும் 40 விழுக்காடு ஏற்றுமதி வரியும் விதிக்கப்பட்டன. இரண்டும் சேர 770 டாலர். டாலர் 4 வெள்ளி 70 காசு எனக் கொண்டால், கப்பலேறுமுன்பே கிலோ 3 வெள்ளி 62 காசு! குறைந்தபட்ச விலை அவ்வாண்டு செப்டம்பரில் நீக்கப்பட்டு வரியும் 20 விழுக்காடாகக் குறைந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரியும் விலக்கப்பட்டது. பழைய விலைத்தாளை வைத்துக்கொண்டு புதிய சரக்கிற்குப் பேரம் பேசியவர் அந்நாள்களில் தடுமாறியிருப்பர்.

இனிக் கடை விலை. வாடகை, சம்பளம், மின்சாரம், முதலாளியின் ஊதியம் எல்லாவற்றிற்கும் விற்பனைப் பணத்தில் 20 விழுக்காடு தேவை என்று கொள்வோம். 2 வெள்ளி 39 காசு என்பது மீதமுள்ள 80 விழுக்காடாக அமைய வேண்டும். அதை 0.80ஆல் வகுத்தால் 2 வெள்ளி 99 காசு. 3 வெள்ளி என எழுதலாம். முதலில் தோன்றிய 2 வெள்ளி 10 காசின்மேல் இருபது விழுக்காடு கூட்டி 2 வெள்ளி 52 காசுக்கு விற்றவரின் நிலையைப் பாருங்கள். 880 கிலோவுக்கு 2,217 வெள்ளி 60 காசு கிட்டும். அதில் கடைச்செலவு போக எஞ்சுவது 1,774 வெள்ளி. சரக்கிற்கோ 2,100 வெள்ளி சென்றுவிட்டது. கடையில் கூட்டம் அலைமோதும்; ஒரு டன்னுக்கு 326 வெள்ளி கைநட்டமாகும்.

இந்தக் கணக்குத்தாளைச் சரக்குவாரியாக எழுதி, விலைச்சீட்டுகளோடு கோத்து வைத்துக்கொள்வது மற்றொரு வகையிலும் பயன்படும். 2011ஆம் ஆண்டு விலைக்கட்டுப்பாடு, மிகை இலாபத் தடுப்புச் சட்டத்தின்கீழ், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகள் விலையேற்றத்திற்குக் காரணம் கேட்டால், காட்டுவதற்கு அதுவே சான்றாகும். தீபாவளி போன்ற பெருநாள்களையொட்டிச் சில பொருள்களுக்கு உச்ச விலையும் அறிவிக்கப்படுகிறது. அத்தகைய பட்டியலில் நம் வெங்காயம் இடம்பெற்று, உச்ச விலை 2 வெள்ளி 90 காசு என்று வந்தால் என்ன செய்வது? அதில் 80 விழுக்காடு 2 வெள்ளி 32 காசு. நம் அடக்கத்திற்கு 7 காசு குறைகிறது. கப்பல் கூலியையோ டாலரையோ கடைக்காரர் மாற்ற இயலாது. ஆனால் 2,100 வெள்ளியை 2 வெள்ளி 32 காசால் வகுத்தால் 905 கிலோ என்று வரும். 120 கிலோவாக இருந்த சேதத்தை 95 கிலோவாகக் குறைத்தால், அதாவது 25 கிலோவை மட்டும் காப்பாற்றினால், உச்ச விலைக்குள்ளேயே கட்டுப்படியாகும். சரக்கு வந்திறங்கும் மாலையே பைகளைப் பிரித்து, மரச்சட்டங்களின்மேல் காற்றோட்டமாகப் பரப்பி, ஈரமானவற்றைத் தனியே எடுத்துவிட்டால், அந்த 25 கிலோ கிட்டக்கூடும்.