கடைசித் தவணைத் தொகை சிறிது மாறுவதேன்?

கிணறு வெட்டுவதற்கோ, பம்பு வைப்பதற்கோ கடன் பெற்ற குடியானவருக்கு, இன்ன தேதியில் இவ்வளவு கட்டவேண்டும் என்று காட்டும் தவணை ஜாப்தா ஒன்று கொடுக்கப்படுகிறது. அதில் எல்லாத் தவணைகளும் ஒரே தொகையாக இருக்க, கடைசித் தவணை மாத்திரம் இரண்டொரு ரூபாய் கூடியோ குறைந்தோ காணப்படும். இதைக் கண்டு, கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது என்று சிலர் ஐயுறுகின்றனர். வேறு சிலர் அதைக் கவனியாமல், வழக்கமான தொகையையே கடைசியிலும் செலுத்திவிட்டு, கடன் தீர்ந்தது என்று எண்ணிப் பத்திரத்தைக் கேட்கச் செல்கின்றனர். இவ்விரண்டில் பின்னதே அதிகத் தொல்லை தருவது.

வட்டியில்லாத கடனைக் கொண்டே இதன் காரணத்தை அறிந்துகொள்ளலாம். 1957-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வருவதற்கு முன், ரூபாய்க்கு 16 அணாவும் அணாவுக்கு 12 பைசாவுமாகக் கணக்கிட்டு வந்தனர். அக்காலத்தில் 100 ரூபாயை ஏழு சமதவணைகளில் வசூலிக்க வேண்டுமானால், ஒரு தவணைக்கு 14 ரூபாய் 4 அணா 6 பைசாவும், அதற்கு மேல் ஒரு பைசாவின் ஏழில் ஆறு பாகமும் வரும். பைசாவின் பின்னத்தை எவரும் கட்ட முடியாது. ஆகவே முதல் ஆறு தவணைகளுக்கு 14-4-6 வீதம் எழுதி, ஏழாவதை 14-5-0 என்று எழுதினால்தான் கூட்டுத்தொகை சரியாக 100 ரூபாய் ஆகும். ஆறு தவணைகளில் விட்ட பின்னங்கள் யாவும் ஏழாவதில் வந்து சேருகின்றன. அந்த 6 பைசா வித்தியாசம் கணக்கனின் பிழையன்று. அது இல்லாவிடில்தான் பிழை.

இப்பொழுது பெரும்பாலும் முழு ரூபாயாகவே தவணை குறிக்கப்படுகிறது. 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதியுடன் செல்லுபடியற்றவை ஆகிவிட்டபடியால், சில்லறைக் காசுகளை ரொக்கமாகக் கட்டுவதும் இயலாது. வட்டியுள்ள கடனில், விட்ட சில்லறைக்கும் வட்டி ஏறும் என்பதே விசேஷம்.

ஒருவர் கிணற்றுக்காக ஒரு லட்சம் ரூபாய் கடன் பெற்று, நூற்றுக்கு வருஷம் 10 வட்டியுடன், அசலும் வட்டியும் சேர்ந்த ஐந்து சம வருஷத் தவணைகளில் தீர்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். கணக்குப்படி ஒரு தவணை 26,379 ரூபாய் 75 பைசாவுக்கு ஓர் இம்மி குறைவாக வரும். அதை முழு ரூபாயாக்கி 26,380 என்று எழுதுகின்றனர்.

முதல் வருஷ முடிவில் வட்டி 10,000 போக, அசலில் 16,380 கழிந்து 83,620 நிற்கும். இரண்டாம் வருஷ வட்டி 8,362, அசலில் கழிவது 18,018, பாக்கி 65,602. மூன்றாம் வருஷ வட்டி 6,560 ரூபாய் 20 பைசா. பைசாவை விட்டு 6,560 என்று கொண்டால், 19,820 கழிந்து பாக்கி 45,782. நான்காம் வருஷ வட்டி 4,578 ரூபாய் 20 பைசா. இங்கும் பைசாவை விட, 21,802 கழிந்து பாக்கி 23,980. ஐந்தாம் வருஷம் இத்தொகைக்கு வட்டி 2,398. இரண்டும் சேர்ந்து 26,378. ஆகவே கடைசித் தவணை மற்றவற்றைவிட 2 ரூபாய் குறைவு.

இந்த 2 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது நலம். ஒவ்வொரு தவணையிலும் குடியானவர் ஏறக்குறைய 25 பைசா அதிகமாகச் செலுத்துமாறு எழுதப்பட்டது. ஐந்து தவணைக்கு அது 1 ரூபாய் 25 பைசாதான். ஆனால் முன்கூட்டிச் செலுத்திய சில்லறைக்கு உரிய வட்டியும் அவருக்கு லாபமாவதால், அது சுமார் 1 ரூபாய் 54 பைசா ஆகிறது. இருமுறை விட்ட 20 பைசா வட்டி, பின் வருஷங்களின் வட்டியோடு 46 பைசா ஆகிறது. இரண்டும் சேர்ந்து 2 ரூபாய்.

இந்த மிச்சத்தை முதல் தவணையிலேயே சேர்த்துவிடலாகாதா என்று கேட்கலாம். முதல் தவணையைக் குறைத்தால் அதற்குப் பின்வரும் பாக்கியும் வட்டியும் எல்லாம் மாறும். மறுபடி முழு ரூபாயாக்கும்போது வேறொரு மிச்சம் நிற்கும். கடைசியில்தான் நிற்கும் பாக்கி இவ்வளவு என்று நிச்சயமாகத் தெரியும். அந்தப் பாக்கியும் அதன் வட்டியுமே கடைசித் தவணை என்று கொள்வதில் இருதரத்தாருக்கும் நஷ்டமில்லை.

தொகையைப் பெரிய அளவில் முழுமையாக்கினால் வித்தியாசமும் பெரிதாகும். மேற்படி கடனுக்கே நூறு ரூபாய் கணக்கில் 26,400 என்று குறித்தால், கடைசித் தவணை 26,277 ஆகி 123 ரூபாய் குறையும். கீழே இறக்கி 26,300 என்று குறித்தாலோ, கடைசியில் 26,787 கட்டவேண்டி வரும். அதாவது 487 ரூபாய் அதிகம். தவணை லேசாயிருக்கிறது என்று கீழ்முகமாகக் குறைத்த ஜாப்தாவை விரும்புவோர், இறுதியில் வரும் இத்தொகைக்கும் வழிசெய்துகொள்ள வேண்டும்.

ஆனால் எந்த வித்தியாசத்தையும் சில்லறையின் தலையில் சுமத்திவிடலாகாது. தவணையையும் வட்டியையும் அருகிலுள்ள முழு ரூபாயாக்குவதால் ஒவ்வொரு முறையும் நேரும் பிசகு அரை ரூபாய்க்கு மேற்படாது. மேற்கண்ட ஐந்து வருஷக் கடனில் அவையெல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்து, வட்டியும் ஏறினாலுங்கூட, கடைசித் தவணை சுமார் 6 ரூபாய்க்கு மேல் மாற இடமில்லை. அப்படியிருக்க, முழு ரூபாயில் குறித்த ஜாப்தாவில் கடைசித் தொகை நூற்றுக்கணக்கில் மாறினால் வேறு காரணம் தேடவேண்டும். பெரும்பாலும் அது நாட்கணக்கிலேயே இருக்கும். இரண்டாம் தவணையை 20 நாள் தாமதித்துச் செலுத்தினால், நின்ற அசல் 83,620-க்கு அந்நாட்களின் வட்டி மட்டும் 458 ரூபாய். அபராத வட்டி இருந்தால் அது வேறு. கடன் வாங்கிய தேதிக்கும் தவணைக் கணக்குத் தொடங்கிய தேதிக்கும் இடையிலுள்ள நாட்களின் வட்டியும் இவ்வாறே வந்து சேரக்கூடும். கிராம அதிகாரிகளிடம் இத்தகைய முறையீடு வந்தால், ஒவ்வொரு ரசீதின் தேதியையும் ஜாப்தாவின் தேதியோடு ஒத்துப்பார்ப்பதே முதல் வேலை.

கடைசித் தவணை கூடுதலாயிருக்கும் ஜாப்தாவில் வழக்கமான தொகையையே கட்டிவிட்டால், நான்கைந்து ரூபாயானாலும் கணக்கில் பாக்கி நிற்கும். பாக்கி நிற்கும் கணக்கைத் தீர்ந்ததாக எழுத முடியாது. கடன் தீர்ந்ததென்ற சீட்டும் வராது. நிலத்தின் மேலுள்ள அடமானமும் நீங்காது. இந்தச் சொற்பத் தொகை பல வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்து, நிலத்தை விற்கவோ பாகம் பிரிக்கவோ வில்லங்கம் பார்க்கும்போதுதான் வெளிப்படும். ஆகையால் கடைசித் தவணைக்குச் செல்பவர், கட்டும் தேதி வரையில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுத்துமூலம் கேட்டுப் பெற்று, அத்தொகையைச் செலுத்தி, ரசீதில் பாக்கி இல்லை என்ற வாசகம் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். தாம் அதிகமாகக் கட்டியிருந்தால், அந்த இரண்டு ரூபாயைத் திரும்பப் பெறவும் அதே ரசீதே ஆதாரம்.