ஒரு பக்கத் தொண்டை வலி, திறக்காத வாய்: சீழை எடுத்தால்தான் தீரும்



வேப்பந்தட்டை பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். வழக்கமாக முதல் ஆளாக வரும் ஓர் உறுப்பினர் அன்று தன் மகளிடம் சந்தாப் பணத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார். "அம்மாவுக்கு வாயே திறக்க முடியல அக்கா, எச்சிலைக் கூட துண்டுலதான் துடைக்குது" என்றாள் அந்தப் பெண். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

அவருக்கு வயது முப்பது இருக்கும். திங்கட்கிழமை பருத்தி எடுத்துவிட்டு வந்தபோது தொண்டை வலியும் காய்ச்சலும் ஆரம்பித்திருக்கிறது. மறுநாள் மருந்துக்கடையில் சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கியிருக்கிறார். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் புதன்கிழமை வலி முழுவதும் வலது பக்கமாக ஒதுங்கியது. வியாழக்கிழமை அதே பக்கத்துக் காதிலும் குத்தியது. மாமியார், "இது பொன்னுக்கு வீங்கிதான்" என்று மஞ்சள் பற்றுப் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. பேசினால், வாய் நிறைய வெற்றிலையைப் போட்டுக்கொண்டு பேசுவது போல் இருந்தது.

இது பொன்னுக்கு வீங்கி இல்லை. பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் வெளியே, காதுக்குக் கீழே கன்னத்தில் தெரியும். இவருக்கு வெளியே பெரிதாக வீக்கம் எதுவும் இல்லை. வீக்கம் தொண்டைக்குள்ளே இருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

நம் தொண்டையில் உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் டான்சில் என்ற சதை உருண்டை இருக்கிறது. கிருமி தாக்கினால் அது சிவந்து வீங்கும். அப்போது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலிக்கும், சில நாளில் குணமாகிவிடும். சிலருக்கு மட்டும் கிருமி டான்சிலைத் தாண்டி, அதற்கும் பின்னால் உள்ள தசைக்கும் நடுவே போய்ச் சீழ் கட்டிவிடுகிறது. இதைத்தான் டான்சில் ஓரச் சீழ்க்கட்டி என்கிறோம். இளைஞர்களுக்கும் நடுத்தர வயதுக்காரர்களுக்கும்தான் இது அதிகம் வருகிறது.

சீழ் ஒரு பக்கம் மட்டும் சேருவதால் வலியும் ஒரு பக்கம்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் மேல் அண்ணம் புடைத்திருக்கும், உள்நாக்கு மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கும். சீழுக்குப் பக்கத்திலேயே தாடையை அசைக்கும் தசை இருக்கிறது. அந்தத் தசை எரிச்சலாகி இறுகிக்கொள்வதால்தான் வாய் திறக்க முடியவில்லை. விழுங்கினால் உயிர் போகிற வலி. அதனால் எச்சில் வெளியே வழிகிறது.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். சாதாரணமாக நம்முடைய மூன்று விரல்களைச் சேர்த்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நெட்டாக வைக்க முடியும். தொண்டை வலியோடு இரண்டு விரல் கூடப் போகவில்லை என்றால் அதைச் சாதாரணத் தொண்டை வலி என்று விடக்கூடாது. கடைவாய்ப் பல் சீழாலும், ரணஜன்னி என்னும் வாய்ப்பூட்டு நோயாலும் வாய் திறக்காமல் போகலாம். எதுவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டியதுதான்.

மாத்திரை மட்டும் ஏன் போதாது?

மாத்திரை மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேரும். கட்டி நிற்கும் சீழுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. அதனால் மருந்து கட்டியைச் சுற்றியே நின்றுவிடுகிறது. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் சீழ் வெளியே வந்தபிறகுதானே வலி அடங்குகிறது? இதுவும் அதே கதைதான். மருந்துக்கடை மாத்திரையில் காய்ச்சல் இறங்கியதைப் பார்த்து நம் உறுப்பினர் இரண்டு நாளைத் தவறவிட்டது இதனால்தான். தொண்டைக்குள் நன்றாகப் பழுத்த கட்டியைக் கீற வேண்டும் என்று பழங்கால மருத்துவர் சுசுருதரின் நூலும் சொல்கிறது. இது நேற்று வந்த வைத்தியம் இல்லை.

ஆரம்பத்திலேயே போனால், "இன்னும் சீழ் கட்டவில்லை, வீக்கம்தான்" என்று மருத்துவர் சொல்லலாம். அப்போது ஊசி மருந்து கொடுத்து ஒரு நாள் கவனிப்பார்கள். கட்டி மிகச் சிறியதாக இருந்தாலும் சில நேரம் அப்படிச் செய்வதுண்டு. எது சரி என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

சீழை எப்படி எடுக்கிறார்கள்?

"தொண்டையில கத்தி வச்சா பேச்சு போயிடும்" என்று மாமியார் அழுதார். பேச்சு வரும் குரல்வளை இதற்குக் கீழே தனியாக இருக்கிறது. அதைத் தொடுவதே இல்லை.

அன்று மதியமே பெரம்பலூருக்குக் கூட்டிப் போனோம். உட்கார வைத்தே செய்தார்கள். முதலில் மரத்துப்போகும் மருந்தைத் தொண்டையில் அடித்து, அதே இடத்தில் சிறு ஊசியும் போட்டார்கள். பிறகு பெரிய ஊசியைப் புடைத்த இடத்தில் செலுத்திச் சீழை உறிஞ்சினார்கள். ஒரு தேக்கரண்டி அளவு இருந்தது. சிலருக்குச் சிறிதாகக் கீறி விட்டு, வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்வார்கள். வேலை சில நிமிடம்தான். சாப்பிடாமல் வாடியிருந்ததால் குளுக்கோஸ் ஏற்றினார்கள், கிருமிக்கு ஊசி மருந்தும் கொடுத்தார்கள். சாயந்திரமே, "எச்சில் முழுங்க முடியுது அக்கா" என்றார். வாய் முழுதாகத் திறக்க இரண்டு மூன்று நாள் ஆனது.

சீழை எடுத்தபிறகும் மாத்திரையைச் சொன்ன நாள்வரை முழுக்கச் சாப்பிட வேண்டும். மறுநாள் காட்டச் சொன்னால் கட்டாயம் போக வேண்டும், ஏனென்றால் சிலருக்கு மறுபடி சீழ் சேரும். திரும்பத் திரும்ப வந்தால் டான்சிலையே எடுத்துவிடச் சொல்லலாம். கர்ப்பம், பால் கொடுப்பது, சர்க்கரை நோய், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமை இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடாதது

விரலை விட்டு அமுக்குவது, குச்சியால் உடைப்பது, தொக்கம் எடுப்பது, உள்நாக்கைத் தூக்கிவிடுவது எதுவும் வேண்டாம். டான்சிலுக்குப் பின்னால் ஓர் அங்குலத்துக்குள்ளேயே மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய் இருக்கிறது. கட்டி தூக்கத்தில் தானே உடைந்தால் சீழ் நுரையீரலுக்குள் போகலாம். உடையாமல் விட்டால் கழுத்துக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இறங்கலாம், மூச்சுப் பாதையையும் அடைக்கலாம்.

எங்கே போவது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். சீழை எடுக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் வேண்டும். பெரம்பலூர்க்காரர்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்கும், அரியலூர்க்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். மூச்சு விடச் சிரமம், மூச்சில் சத்தம், கழுத்து வீக்கம், படுக்கவே முடியாமை இருந்தால் பேருந்துக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நோயாளியை உட்கார்ந்தபடியே வைத்திருங்கள். கட்டாயப்படுத்தி எதையும் ஊட்டாதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த உறுப்பினரே வந்தார். "அஞ்சு நாள் பட்ட பாடு, அஞ்சு நிமிஷத்துல தீந்துச்சு. இது தெரிஞ்சிருந்தா புதன்கிழமையே போயிருப்பேன்" என்று எல்லோருக்கும் சொன்னார்.