சூரிய சக்தி பம்புசெட்: பராமரிப்பு ஒப்பந்தப் பில்லில் கவனிக்க வேண்டிய நான்கு வரிகள்

2019-ல் தொடங்கப்பட்ட பி.எம். குசும் திட்டத்தில் மானியத்துடன் சூரிய சக்தி பம்புசெட் அமைத்த விவசாயிகளுக்கு, முதல் 5 ஆண்டுகள் பராமரிப்புச் செலவு கிடையாது. அந்த 5 ஆண்டுகளும் பம்புசெட்டைப் பொருத்திக் கொடுத்த நிறுவனமே பராமரிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. தொடக்கத்தில் அமைத்தவர்களுக்கு அந்தக் காலம் இப்போது முடிந்துவிட்டது. அதன் பிறகு, 'ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தம்', அதாவது ஏ.எம்.சி., செய்துகொள்ளலாம் என்று நிறுவனத்தார் பில் அனுப்புகின்றனர். ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதுப்பிக்கவும் பில் வருகிறது.

இந்தப் பில்லில் விவசாயியின் கண் முதலில் போவது கட்ட வேண்டிய தொகைக்குத்தான். ஆனால் பம்பு பழுதாகி நிற்கும் நாளில் உதவுவது தொகை எழுதிய வரி அல்ல. எதெல்லாம் ஒப்பந்தத்தில் அடங்கும், எதெல்லாம் அடங்காது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், தாமதமானால் எத்தனை நாள் சலுகை உண்டு என்ற நான்கு வரிகளே உதவும். பணம் கட்டுமுன் இவற்றைப் படித்துப் பார்ப்பது அவசியம். பில் ஆங்கிலத்தில் இருந்தால் வீட்டில் படித்த பிள்ளைகளிடம் கொடுத்து இந்த நான்கு வரிகளை மட்டுமாவது தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

எது அடங்கும்?

பராமரிப்பு ஒப்பந்தம் இரண்டு வகைப்படும். 'காம்ப்ரிஹென்சிவ்' என்று எழுதியிருந்தால் மெக்கானிக் கூலியும், மாற்ற வேண்டிய உதிரி பாகங்களின் விலையும் சேர்ந்தது என்று பொருள். 'நான் காம்ப்ரிஹென்சிவ்' என்றோ 'லேபர் ஒன்லி' என்றோ எழுதியிருந்தால் மெக்கானிக் வந்து பார்க்கும் கூலி மட்டுமே அடங்கும். பாகங்களின் விலையை விவசாயியே கொடுக்க வேண்டும். இரண்டாவது வகைக்குத் தொகை குறைவாக இருப்பதால் அதுவே லாபம் என்று தோன்றும். ஆனால் பம்புசெட்டில் விலை கூடிய பாகங்கள் மோட்டாரும் கன்ட்ரோலரும். இவற்றில் ஒன்று போனாலும் மிச்சம் பிடித்த பணம் போதாது.

காம்ப்ரிஹென்சிவ் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடக் கூடாது. மோட்டார், பம்பு, கன்ட்ரோலர், கேபிள், பேனல் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகியவை பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். மோட்டார், கன்ட்ரோலர் ஆகியவற்றின் வரிசை எண்களும் இருப்பது நலம். ஆண்டுக்கு எத்தனை முறை மெக்கானிக் தானாக வந்து சோதிப்பார், புகார் செய்தால் எத்தனை நாளில் வருவார் என்பவையும் இதே பகுதியில் வர வேண்டும். பயிர் வாடும் வேளையில் 'கூடிய விரைவில்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. '3 நாட்களுக்குள்' என்பதற்கு மதிப்புண்டு.

பேனல்களைப் பற்றி ஒன்று நினைவில் கொள்ள வேண்டும். பேனலின் மின் உற்பத்தித் திறனுக்கு அதைத் தயாரித்தவர் நீண்ட கால உத்தரவாதம் தருவது வழக்கம். பெரும்பாலும் 25 ஆண்டுகள். அது பராமரிப்பு ஒப்பந்தத்தைச் சார்ந்தது அல்ல. ஆகவே முதலில் கொடுத்த உத்தரவாத அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

எது அடங்காது?

'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற தலைப்பில், பெரும்பாலும் பில்லின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில் இந்தப் பட்டியல் இருக்கும். இடி, மின்னல், புயல், வெள்ளம், திருட்டு ஆகியவற்றால் வரும் சேதம் இதில் இருப்பது வழக்கம். அதில் குறை காண முடியாது. பராமரிப்பு ஒப்பந்தம் வேறு, காப்பீடு வேறு. மின்னலுக்கும் திருட்டுக்கும் காப்பீடு தனியாகச் செய்ய வேண்டும். எலி கடித்த கேபிள், கன்ட்ரோலர் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் புகுந்ததால் வந்த பழுது, வெளி ஆள் பிரித்துப் பார்த்த மோட்டார் ஆகியவையும் விலக்கப்படுவது உண்டு.

விவசாயிகள் மிகவும் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை வெளியே தூக்கி மறுபடி இறக்கும் கூலி. மோட்டார் இலவசமாகப் பழுது பார்க்கப்படும் என்று ஒரு வரி சொல்லும். தூக்கி இறக்கும் செலவு வாடிக்கையாளருடையது என்று மற்றொரு வரி சொல்லும். கிணற்றின் ஆழம் கூடக் கூட இந்தச் செலவும் கூடும். இரண்டாவது, தண்ணீர் இல்லாமல் ஓடியதால் எரிந்த மோட்டார். கோடையில் நீர்மட்டம் இறங்கும் பகுதிகளில் இதுவே அடிக்கடி வரும் பழுது. கன்ட்ரோலரில் நீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு இருக்கும்போது, அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாததால் மோட்டார் எரிந்தால் பொறுப்பு யாருடையது என்று பணம் கட்டுமுன் கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

புதுப்பிக்கும் தேதி

ஒரு பில்லில் மூன்று தேதிகள் இருக்கும். பில் போட்ட தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி, ஒப்பந்தம் முடியும் தேதி. இவை ஒன்றல்ல. ஒப்பந்தம் ஜூன் 14-ல் முடிய, பணம் கட்டக் கடைசி நாள் மே 31 என்று இருக்கலாம். பாதுகாப்பு எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடிகிறது என்று இரு தேதிகளும் தெளிவாக இருக்க வேண்டும். 'ஓராண்டு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த நாளிலிருந்து என்ற தகராறு பின்னால் வரும்.

சலுகைக் காலம்

'கிரேஸ் பீரியட்' என்ற சலுகைக் காலத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். 15 நாள் சலுகை என்றால் அந்த 15 நாளும் பழுது பார்ப்பார்கள் என்று எண்ணிவிடுகின்றனர். அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. பணம் கட்டச் சலுகை என்பது வேறு, பழுது பார்க்கும் பொறுப்பு தொடர்வது வேறு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 5 குதிரைத்திறன் பம்புசெட் வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயியின் ஒப்பந்தம் 14.06.2025 அன்று முடிகிறது என்று கொள்வோம். புதுப்பிக்க ரூ.6,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.1,080, ஆக மொத்தம் ரூ.7,080. சலுகைக் காலம் 15 நாள், அதாவது ஜூன் 15 முதல் 29 வரை. கையில் பணம் இல்லாததால் அவர் காத்திருக்கிறார். ஜூன் 22-ல் தண்ணீர் வருவது நின்றுவிடுகிறது. ஜூன் 24-ல் கடன் வாங்கிப் பணத்தைக் கட்டுகிறார். மெக்கானிக் வந்து பார்த்ததில், கிணற்றுக்குள் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கி மோட்டார் எரிந்திருப்பது தெரிகிறது.

இந்தப் பழுது யார் கணக்கு? பில்லில் உள்ள வாசகத்தைப் பொறுத்து விடை மூன்று விதமாக மாறும்.

பில்லில் 'சலுகைக் காலத்துக்குள் பணம் செலுத்தினால் ஒப்பந்தம் 15.06.2025 முதல் இடைவெளியின்றித் தொடரும். இடையில் ஏற்பட்ட பழுதும் அடங்கும்' என்றிருந்தால் ஜூன் 22-ல் வந்த பழுது நிறுவனத்தின் பொறுப்பு. விவசாயி கவலைப்பட வேண்டியதில்லை.

'பணம் வரவான நாள் முதல் ஓராண்டு' என்றிருந்தால் புதிய ஒப்பந்தம் ஜூன் 24-ல்தான் தொடங்குகிறது. பழுது அதற்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. மோட்டார் செலவு விவசாயியின் தலையில் விழும். சலுகைக் காலம் அவருக்குத் தந்தது, அபராதமின்றியும் புதிய சோதனைக் கட்டணமின்றியும் புதுப்பிக்கும் வசதி மட்டுமே.

மூன்றாவது வகை இன்னும் மோசமானது. 'ஒப்பந்தக் காலம் 15.06.2025 முதல் 14.06.2026 வரை, பணம் வரவாகும் வரை சேவை இல்லை' என்று எழுதியிருக்கும். அப்படியானால் ஜூன் 15 முதல் 23 வரை 9 நாட்களுக்குப் பணம் வாங்கப்படுகிறது. ஆனால் அந்த நாட்களில் சேவை கிடையாது. அந்த நாட்களில் வந்த பழுதைப் பணம் வந்த பிறகு ஏற்பார்களா என்பதும் சொல்லப்படவில்லை. இப்படி இருந்தால், கேட்டுத் தெளிவுபடுத்தாமல் பணம் கட்டக் கூடாது.

மூன்று வகையிலும், தூக்கி இறக்கும் கூலி விலக்குப் பட்டியலில் இருந்தால் அதை விவசாயியே கொடுக்க வேண்டும். ஜூன் 29-ம் தாண்டிவிட்டால், பம்புசெட்டை முதலில் கட்டணத்துக்குச் சோதித்து, இருக்கும் பழுதை விவசாயி செலவில் சரி செய்த பிறகே புதிய ஒப்பந்தம் போடுவது வழக்கம்.

செய்ய வேண்டியவை

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே பம்பை நல்ல வெயிலில் நாள் முழுதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் குறைவாக வந்தாலோ, கன்ட்ரோலரில் பிழைக் குறி தெரிந்தாலோ உடனே புகார் செய்து, புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வைக்க வேண்டும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது பதிவான புகார் பழைய ஒப்பந்தத்திலேயே சேரும். மெக்கானிக் ஒப்பந்தம் முடிந்த பிறகு வந்தாலும், புகார் தேதியைக் காட்டி வாதாட முடியும்.

பணத்தை வங்கி மூலமோ யு.பி.ஐ. மூலமோ, நிறுவனத்தின் கணக்குக்கே கட்டுவது நல்லது. மெக்கானிக் கையில் கொடுத்தால் அது வரவான நாள் எது என்பதற்குச் சாட்சி இருக்காது. கட்டிய பின் வரிப் பில்லும், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி எழுதிய ஒப்பந்தத் தாளும் வாங்கிக்கொள்ள வேண்டும். 'புரோஃபார்மா' என்று தலைப்பிட்டது பணம் கேட்கும் தாள் மட்டுமே. பணம் பெற்றதற்கு அது ஆதாரம் ஆகாது.

திட்டத்தில் அமைத்த பம்புக்கு 5 ஆண்டு முடியுமுன்பே பராமரிப்புப் பில் வந்தால் கட்ட வேண்டியதில்லை. பம்பு இயக்கி ஒப்படைத்த சான்றிதழில் உள்ள தேதியிலிருந்து 5 ஆண்டைக் கணக்கிட்டுப் பார்த்து, சந்தேகம் இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் அந்தப் பில்லைக் காட்டலாம். ஒப்பந்தத்தில் எழுதியதை நிறுவனம் செய்ய மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தன் பிழைப்புக்காகச் சொந்தமாக உழைக்கும் விவசாயியும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. அங்கே முதலில் கேட்கப்படுவது பில்லும் ஒப்பந்தத் தாளும்தான். ஆகவே இரண்டையும் உத்தரவாத அட்டையுடன் சேர்த்து ஒரே உறையில் வைத்திருக்க வேண்டும்.