படத்தில் வான்கோழிக் குஞ்சை எடை போடுவது எப்படி?

வான்கோழிக் குஞ்சு வியாபாரம் இப்போது பாதி வாட்ஸ்அப்பிலேயே முடிந்துவிடுகிறது. போன மாதம் வடலூர் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் மூன்று படங்களை அனுப்பி, "சார், ஒரு மாசக் குஞ்சாம், இருபது உருப்படி. பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

படத்தில் முதலில் ஏமாற்றுவது உருவம். கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் காடைகூடக் கொழுத்துத் தெரியும். அதனால் பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்து, தரை மட்டத்தில் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். கூட்டமாக ஒரு படமும் வேண்டும். ஒரே நாளில் பொரித்தவை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். நாலைந்து மட்டும் சிறுத்திருந்தால், அவை தீனிக்குப் போட்டி போட முடியாதவை, அல்லது வேறு அடையிலிருந்து கலந்தவை.

அடுத்தது இறகு. இதுதான் எனக்குப் பிடித்த சோதனை. இறகு வயதைச் சொல்லும், உடம்பு தின்ற தீனியைச் சொல்லும். ஒரு மாதக் குஞ்சுக்கு இறக்கையும் முதுகும் மூடியிருக்கும். தலையிலும் கழுத்திலும் இன்னும் குருத்து மயிர்தான் இருக்கும். உடம்பு வளராமல் நின்றுபோனாலும் இறக்கை இறகு வளர்ந்துகொண்டே போகும். சின்ன உடம்பில் நீளமான இறக்கை, பெரியவர் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரித் தொங்கினால், அதை வாங்கக் கூடாது. பின்பக்கப் படமும் கேளுங்கள். ஆசனவாய் மயிரில் எச்சம் ஒட்டியிருந்தால் கழிச்சல் என்று அர்த்தம்.

கண் உருண்டையாய், முழுசாய்த் திறந்து, பளிச்சென்று இருக்க வேண்டும். ஓரத்தில் நுரையோ, கண்ணுக்குக் கீழே வீக்கமோ இருந்தால் சளிநோய் என்று சந்தேகிக்கலாம். மூடிய கண்ணை ஒரே படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், இமைத்த நேரமாகவும் இருக்கலாம்.

நிற்கும் விதத்துக்குப் படம் போதாது. யாராவது கிட்டே போனால் சோர்ந்த குஞ்சும் எழுந்து நிற்கும். ஆகவே, ஆள் விலகி நின்று எடுத்த ஒரு நிமிட வீடியோ கேட்டோம். இருபதில் மூன்று, கழுத்தை உள்ளே இழுத்து, இறக்கையைத் தொங்கவிட்டு, கண் மூடி ஒதுங்கி நின்றன. ஒன்றுக்குக் கால்கள் இரு பக்கமும் அகன்றிருந்தன. வழவழப்பான செய்தித்தாள் மேல் விட்டு வளர்த்தால் இப்படி வரும். சாக்கு விரித்திருந்தால் தப்பியிருக்கும். அந்த நாலையும் கழித்துவிட்டு, பதினாறுக்குப் பேசச் சொன்னேன். படம் அன்றைக்கு எடுத்ததுதானா என்று தெரிய, அன்றைய பேப்பரையும் காட்டச் சொன்னோம். ஓய்வூதியக்காரர்களிடம் உயிர்வாழ் சான்று கேட்கிற மாதிரிதான் இதுவும்!

எந்தப் படத்திலும் தெரியாத ஒன்று உண்டு. நாட்டுக்கோழி, வெளியே எந்த அடையாளமும் இல்லாமல், கருந்தலை நோயின் கிருமியைச் சுமக்கும். அதே தரையில் மேயும் வான்கோழியை அந்த நோய் கொன்றுவிடும். "கோழியோடு சேர்த்தா வளர்த்தீங்க?" என்று விற்பவரைக் கேட்டே ஆக வேண்டும். தோப்புக்காரர் கேட்டார், தனிக் கொட்டகை என்று பதில் வந்தது. அப்படியும், தன் நாட்டுக்கோழிகள் மேயாத பக்கமாகப் பார்த்து, வேலி கட்டிய பிறகுதான் பதினாறையும் இறக்கினார்.