போனஸ் தானாக வரும், உரிமை கேட்டால்தான் வரும்

கடலூரில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறு நிறுவனத்தின் 100 பங்குகள் அவரிடம் உண்டு. சந்தையில் ஒரு பங்கு 300 ரூபாய். ஒருநாள் '1:1 போனஸ்' என்று செய்தி வருகிறது. சில நாட்களில் அவருடைய டீமேட் கணக்கில் 200 பங்குகள் நிற்கின்றன. ஆனால் விலை 150 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. அன்றும் இன்றும் மதிப்பு 30,000 ரூபாய்தான். நூறு ரூபாய் நோட்டுக்கு இரண்டு ஐம்பதாகச் சில்லறை வாங்கிய கதை.

அப்படியானால் நிறுவனத்துக்குள் என்னதான் நடந்தது? அதன் பங்குகள் மொத்தம் 1 லட்சம், முகமதிப்பு 10 ரூபாய். ஆக, பங்கு மூலதனம் 10 லட்சம். பல ஆண்டு லாபத்தில் பங்கு பிரித்துக் கொடுக்காமல் சேர்த்த ரிசர்வ் 25 லட்சம். போனஸுக்காக ரிசர்வில் 10 லட்சத்தைக் கழித்து, மூலதனத்தில் 10 லட்சத்தைக் கூட்டி எழுதினார்கள். மொத்தம் 35 லட்சம் அப்படியே இருக்கிறது. ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. ஒன்று மட்டும் மாறியது: ரிசர்வாக இருந்தவரை அந்தப் பணத்தை டிவிடெண்டாகக் கொடுத்திருக்கலாம், மூலதனமாகிவிட்ட பிறகு அது முடியாது.

எந்த ரிசர்வையும் இப்படி மாற்றிவிட முடியாது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 63-ஆம் பிரிவு இதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. உண்மையில் சேர்ந்த லாபத்திலிருந்து கொடுக்கலாம். முன்பு பங்கு விற்றபோது முகமதிப்புக்கு மேல் கிடைத்த பிரீமியத்திலிருந்தும் கொடுக்கலாம். பழைய நிலத்தின் மதிப்பை ஏட்டில் உயர்த்திக் காட்டிக் கிடைத்த தொகையிலிருந்து கொடுக்கக் கூடாது. டிவிடெண்டுக்குப் பதிலாகவும் கொடுக்கக் கூடாது.

அடுத்த ஆண்டு அதே நிறுவனத்துக்குப் பணம் தேவைப்படுகிறது. நான்கு பங்குக்கு ஒன்று, விலை 100 ரூபாய் என்று உரிமைப் பங்கு அறிவிக்கிறது. ஆசிரியைக்கு 50 பங்கு வாங்கும் உரிமை. சந்தை விலை இன்னும் 150. 'இப்போது கையில் பணமில்லை' என்று அவர் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்.

அங்கேதான் நஷ்டம். நான்கு பழைய பங்கு 600 ரூபாய், புதிய பங்கு 100 ரூபாய். ஐந்துக்கும் சேர்த்து 700. வெளியீட்டுக்குப் பின் ஒரு பங்கு ஏறத்தாழ 140 ரூபாய்க்கு வந்து நிற்கும். அவருடைய 200 பங்குகள் 28,000 ஆகிவிடும். கைவிட்டுப் போன 2,000 ரூபாய்தான், அவர் பயன்படுத்தாத 50 உரிமைகளின் விலை, ஒன்றுக்கு 40 வீதம்.

முழுதாக வாங்கப் பணமில்லையென்றால் பாதி வழியும் உண்டு. 20 பங்குக்கு 2,000 ரூபாய் கட்டி, மீதி 30 உரிமைகளைச் சந்தையில் விற்றால் 1,200 ரூபாய் திரும்பக் கிடைக்கும். உரிமைகள் டீமேட் கணக்கிலேயே தனியாக வந்து விழும். பங்கைப் போலவே விற்கலாம். 2020-இல் ரிலையன்ஸ் 15 பங்குக்கு ஒன்று, 1,257 ரூபாய் என்று வெளியிட்டபோது அந்த உரிமைகள் பங்குச் சந்தையில் கைமாறின. விற்பனை, விண்ணப்பக் கடைசித் தேதிக்குச் சில நாட்கள் முன்பே முடிந்துவிடும் என்பதுதான் பலர் கோட்டைவிடும் இடம். அதற்குள் விற்காமலும் விண்ணப்பிக்காமலும் விட்ட உரிமை காலாவதியாகிவிடும்.

இப்படிப் பலர் விட்டுவிட்டால் அதிகாரமும் கைமாறும். நம் நிறுவனத்தில் புரோமோட்டர்களிடம் 60 சதவீதம் என்று கொள்வோம். புதிய 50,000 பங்குகளில் அவர்களுக்கு 30,000, பொதுமக்களுக்கு 20,000. மக்கள் 8,000 மட்டுமே வாங்க, மீதி 12,000-ஐயும் புரோமோட்டர்களே கூடுதலாகக் கேட்டு வாங்கினால் அவர்கள் பங்கு 64.8 சதவீதமாகிறது. கூடுதல் கேட்க ஆளே இல்லாவிட்டால் வெளியீடே முறியலாம். பொதுவாக 90 சதவீதமாவது விற்றாக வேண்டும் என்பது செபி விதி.

ஆனால் வாங்காமல் விடுவதே சரியாகிற சமயமும் உண்டு. 2008-இல் பிரிட்டனின் ஹெச்.பி.ஓ.எஸ். வங்கி, ஐந்து பங்குக்கு இரண்டு வீதம், 275 பென்ஸ் விலையில் 400 கோடி பவுண்டு திரட்ட முனைந்தது. அறிவித்தபோது அது மலிவு விலை. நிதி நெருக்கடி முற்ற, சந்தை விலை 275-க்கும் கீழே நழுவியது. கடையில் மலிவாகக் கிடைப்பதை வங்கியிடம் கூடக் கொடுத்து வாங்குவானேன்? பழைய பங்குதாரர்கள் எடுத்தது 8.29 சதவீதம்தான். வெளியீட்டுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்த மார்கன் ஸ்டான்லியும் டிரெஸ்ட்னர் கிளைன்வோர்ட்டும் மீதிக்குப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. 2009 ஜனவரியில் அந்த வங்கியை லாயிட்ஸ் எடுத்துக்கொண்டது.

எனவே உரிமைப் பங்குக் கடிதம் வந்தால் வெளியீட்டு விலையையும் அன்றைய சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வெளியீட்டு விலை குறைவாக இருந்தால் வாங்குங்கள், அல்லது விற்பனை முடியும் தேதிக்குள் உரிமையை விற்றுவிடுங்கள்.