ஏ.டி.எம்.மில் தடுமாறும் பெரியவர்களுக்கு உதவலாம்... கார்டை மட்டும் கையில வாங்காதீங்க!

தேனி:-

மாதத்தின் முதல் வாரம் வந்துவிட்டால் தேனி, போடி, சின்னமனூர், கம்பம் பகுதி ஏ.டி.எம். மையங்களில் ஏலக்காய் தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வரும் தொழிலாளர்களோடு, முதியோர் பென்சன் எடுக்க வரும் பாட்டிமார், தாத்தாமார்களையும் பார்க்கலாம். கண்ணு மங்கல், கை நடுக்கம், திரையில் ஓடும் எழுத்து புரியாத தவிப்பு. பின்னால் நிற்பவரிடம் கார்டை நீட்டி, "தம்பி, கொஞ்சம் எடுத்துக் குடுப்பா" என்பார்கள். ரகசிய நம்பரையும் சேர்த்தே சொல்லி விடுவார்கள்.

இதற்காகவே காத்திருக்கும் கும்பலும் உண்டு. உதவுவது போல வந்து கார்டை மாற்றி பணத்தைச் சுருட்டிய வழக்குகளில் தேனி மாவட்டத்திலும் ஆட்கள் கைதாகி இருக்கிறார்கள். அந்த பயத்தில் நல்லவர்களும் "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்கிப் போகிறார்கள். ஆனால் கார்டைத் தொடாமல், நம்பரைப் பார்க்காமல் உதவ வழி இருக்கிறது.

மோசடி நடப்பது எப்படி?

கார்டை வாங்கி மிஷினில் சொருகுவார் மோசடி ஆசாமி. பெரியவர் நம்பரை அழுத்தும்போது பக்கத்தில் நின்று பார்த்துக் கொள்வார். வேண்டுமென்றே ஏதாவது பட்டனை அழுத்தி விட்டு, "பணம் வரலை பெரியவரே, கார்டுல ஏதோ கோளாறு. பேங்குல போய்க் கேளுங்க" என்று கார்டைத் திருப்பிக் கொடுப்பார்.

அங்கேதான் வேலை நடக்கும். கொடுத்தது வேறு ஒருவருடைய பழைய கார்டு. அதே பேங்க், அதே கலர். பெரியவர் வீடு போய்ச் சேருவதற்குள் வேறு ஏ.டி.எம்.மில் அவருடைய பணம் காலியாகி இருக்கும். இந்த மோசடிக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று கார்டு, இன்னொன்று நம்பர். இரண்டும் கைமாறாவிட்டால் மோசடி செய்ய முடியாது. உதவுகிறவரும் இந்த இரண்டையும் விட்டு விலகி நிற்க வேண்டும்.

1,200 ரூபாய் ஏன் வரவில்லை?

ஒரு உதாரணம் பார்ப்போம். சின்னமனூரில் ஒரு பாட்டி. 2023-ல் உயர்த்தப்பட்ட முதியோர் பென்சன் 1,200 ரூபாயை எடுக்க வருகிறார். கார்டு சரி, நம்பர் சரி. 1,200 என்று அடிக்கிறார். மிஷின் மறுக்கிறது. திரும்ப அடிக்கிறார். திரும்பவும் மறுக்கிறது. கார்டு கெட்டுப் போச்சு என்று பயந்து பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறார்.

கார்டு கெடவில்லை. அந்த மிஷினில் 500 ரூபாய் நோட்டு மட்டும்தான் இருக்கிறது. 500 நோட்டை மட்டும் வைத்து 1,200-ஐ கொடுக்க முடியாது. 1,000 அல்லது 500 என்று அடித்தால் வந்து விடும். 100 அல்லது 200 ரூபாய் நோட்டும் கிடைக்கும்படி பெரும்பாலான மிஷின்களில் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆனாலும் வைத்த நோட்டு தீர்ந்து போனால் இதே கதைதான்.

இங்கே பாட்டிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். "ஆத்தா, இதுல ஐநூறு நோட்டுதான் இருக்கு போல, ஆயிரம்னு போட்டுப் பாருங்க." கார்டைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

வாயால் மட்டும் உதவுங்க

முதலில் கேளுங்கள். "ஐயா, நான் இங்க தள்ளி நின்னு சொல்றேன், நீங்களே அமுக்குறீங்களா?" அவர் வேண்டாம் என்றால் விட்டு விடுங்கள். சரி என்றால் இரண்டு கை தூரம் தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக் கொள்ளுங்கள். மேலே கேமரா இருக்கிறது. பிறகு பேச்சு வந்தால் நீங்கள் கார்டைத் தொடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கார்டை நீட்டினால் வாங்காதீர்கள். "உங்க கையிலயே இருக்கட்டும். அந்த மஞ்சள் சிப்பு மேல பாத்து, முன்னாடி போற மாதிரி சொருகுங்க" என்று சொல்லுங்கள். பல மிஷின்களில் வேலை முடியும் வரை கார்டு உள்ளேயே பிடித்துக் கொள்ளும். நடுவில் இழுக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தமிழ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

நம்பர் கேட்கும் திரை வந்ததும், "இப்ப நான் திரும்பிக்கிறேன். இடது கையால மறைச்சுக்கிட்டு நாலு நம்பரை அமுக்குங்க. முடிச்சதும் கூப்பிடுங்க" என்று சொல்லி முதுகைக் காட்டி நில்லுங்கள். அதிக நேரம் ஆனால் மிஷின் தானாக ரத்து செய்துவிடும் என்பதால், நம்பரை நினைவுபடுத்திக் கொண்டே கார்டைச் சொருகச் சொல்வது நல்லது. தப்பாக அழுத்தினால் அழிக்க மஞ்சள் பட்டன், ரத்து செய்ய சிவப்பு, சரி என்றால் பச்சை. கலரைச் சொன்னாலே பெரியவர்களுக்குப் புரியும்.

அவர் சத்தமாக நம்பரைச் சொல்ல ஆரம்பித்தால் உடனே தடுத்து விடுங்கள். காதில் விழுந்துவிட்டால், "நம்பர் எனக்குக் கேட்டுருச்சு, இன்னைக்கே மாத்திருங்க" என்று சொல்லி விடுவதுதான் நேர்மை. ஏ.டி.எம்.மிலேயே நம்பரை மாற்றலாம்.

பணம் வந்ததும் எடுப்பதும் எண்ணுவதும் அவர் வேலை. கிளம்பும் முன் "கார்டுல உங்க பேரு இருக்கா, பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேர் இல்லாத கார்டு என்றால் கடைசி நாலு எண்ணைப் பாஸ்புக்கில் குறித்து வைத்திருப்பது நல்லது.

எப்போது நிறுத்த வேண்டும்?

நம்பர் இரண்டு முறை தப்பானால் மூன்றாவது முறை வேண்டாம். மூன்று முறை தவறினால் பொதுவாக கார்டு முடங்கி விடும். பேங்க் திறந்திருக்கும்போது பாஸ்புக்குடன் போகச் சொல்லுங்கள். கணக்கில் கழிந்து பணம் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2019-ம் ஆண்டு விதிப்படி 5 நாளுக்குள் பணம் கணக்கில் திரும்ப வர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. சீட்டு வந்திருந்தால் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நம்பரை அடுத்தவரிடம் கொடுத்தால் இந்த உரிமைக்கும் ஆபத்து. பெங்களூருவில் 2013-ல் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், கார்டையும் நம்பரையும் கணவரிடம் கொடுத்து 25 ஆயிரம் எடுக்கச் சொன்னார். பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்தது. நம்பரைப் பகிர்ந்தது விதிமீறல் என்று 2018-ல் நுகர்வோர் மன்றம் அவருடைய வழக்கைத் தள்ளி விட்டது. கட்டிய புருஷனிடம் கொடுத்ததற்கே இந்த நிலை.

ஏமாந்து விட்டால்...

கையில் இருப்பது வேறு கார்டு என்று தெரிந்தால் முதல் வேலை கார்டை முடக்குவது. கையில் இருக்கும் கார்டின் பின்னால் உள்ள நம்பரை மட்டும் நம்ப வேண்டாம், அது வேறு பேங்க் கார்டாகக்கூட இருக்கலாம். தன் பேங்கின் இலவச நம்பரைப் போனில் முன்பே பதிந்து வைத்திருக்க வேண்டும். கூடவே 1930-க்கும் போன் செய்து, போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதிப்படி, நம்பரைச் சொல்லி ஏமாந்தாலும் புகார் செய்த பிறகு போகும் பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு. அதற்கு முன் போனது கணக்குக்காரர் தலையில்.

ஒவ்வொரு நிமிஷமும் காசு. போன் செய்யத் தெரியாத பெரியவர் என்றால் பக்கத்தில் நிற்பவர் பேங்க் நம்பரைப் போட்டுக் கொடுத்து, அவரையே பேச வைக்கலாம். அப்போதும் கார்டு அவர் கையிலேயே இருக்கட்டும்.