காற்று அடித்த பிறகும் அணையாத விளக்கு

ஜனவரியில் காரில் ஊட்டிக்குப் போய் இரவு தங்குகிறவர்கள் சிலருக்கு, மறுநாள் காலை வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். குதிரை லாட வடிவம், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைவு என்று பொருள். இறங்கிப் பார்த்தால் நான்கு டயரும் நன்றாகத்தான் நிற்கும். இன்றைய ரேடியல் டயரில் எட்டு பிஎஸ்ஐ குறைந்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. நேற்றுத்தான் காற்று பிடித்தோம், இந்த விளக்குக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டு கிளம்புவார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் விளக்கு தானே அணைந்துவிடும். குளிரில் ஏதோ கோளாறாகிச் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

விளக்கில் கோளாறு எதுவும் இல்லை. டயருக்குள் அடைபட்ட காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் இறங்கும். கார் டயரில் ஏறத்தாழ ஐந்தரை டிகிரி செல்சியஸுக்கு ஒரு பிஎஸ்ஐ என்பது கணக்கு. வண்டி ஓட ஓட டயர் சூடேறி அழுத்தம் எச்சரிக்கை எல்லையைத் தாண்டி மேலே வருவதால் விளக்கு அணைகிறது. காற்றின் அளவு காலையில் இருந்ததுதான். மறுநாள் விடியலில் விளக்கு மறுபடி எரியும்.

ஆனால் குளிர் மட்டும் இதற்குப் போதாது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருந்தால், அதில் 20 முதல் 25 சதவீதம் வரை குறைந்த பிறகே விளக்கு எரியும்படி பெரும்பாலான வண்டிகளில் வைத்திருக்கிறார்கள். அதாவது 26 அல்லது 25க்கு வந்தால்தான் எரியும். அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகள் உருண்ட விவகாரத்துக்குப் பிறகு, 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிதான் 25 சதவீதம் என்ற எல்லையை வகுத்தது. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதற்குக் காற்று சரியாக இருக்கிறது என்று பொருளில்லை. 28 பிஎஸ்ஐயில் ஓடும் வண்டி அது பாட்டுக்கு அமைதியாகத்தான் இருக்கும்.

அப்படியானால் 33 வைத்த டயர் ஒரே இரவில் 26க்கு எப்படி வந்தது? மேட்டுப்பாளையத்தில் மதியம் ஒரு பெட்ரோல் பங்கில் காற்று பிடித்த வண்டியை எடுத்துக்கொள்வோம். அது நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டி. டயருக்குள் காற்று 50 டிகிரி வரை சூடேறியிருக்கிறது. "33 வைங்க அண்ணே" என்றதும் அவரும் 33 வைத்துவிட்டார். ஸ்டிக்கரில் உள்ள 33 ஆறிய டயருக்கான எண். அதே டயர் மேட்டுப்பாளையத்திலேயே 30 டிகிரிக்கு ஆறியிருந்தால் அழுத்தம் 30தான் இருந்திருக்கும். ஊட்டியின் குளிரைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று பிஎஸ்ஐ கடன்.

பிறகு மலை ஏறுகிறது. ஊட்டியில் விடியற்காலை 4 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சூடான டயரோடு ஒப்பிட்டால் 46 டிகிரி இறக்கம். டயருக்குள் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஏழு பிஎஸ்ஐ குறைந்துவிடும். இங்கே வேடிக்கை என்னவென்றால், 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் அடிவாரத்தைவிட மூன்று பிஎஸ்ஐ குறைவு. நாம் கையில் வைத்து அளக்கும் அளவுமானி, டயருக்கு உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும். வெளியே குறைந்திருப்பதால் வித்தியாசம் கூடும். ஆகவே காலையில் அளவுமானி 29 என்று காட்டும். குளிர் இறக்கியதில் பாதியை உயரம் திருப்பித் தந்துவிடுகிறது.

டேஷ்போர்டோ 26க்கும் கீழே என்கிறது. காரணம், வால்வோடு பொருத்திய சென்சார்கள் பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் முழு அழுத்தத்தை அளப்பவை. அதிலிருந்து வெளிக்காற்றைக் கழித்துத்தான் வண்டி நமக்குக் காட்ட வேண்டும். சில வண்டிகள் அந்த இடத்தின் உண்மையான வெளியழுத்தத்தைக் கழிக்கின்றன. சில வண்டிகள் எங்கே போனாலும் கடல்மட்டத்து அழுத்தத்தையே கழிக்கின்றன. இரண்டாம் வகை வண்டி ஊட்டியில் மூன்றரை பிஎஸ்ஐ குறைத்துத்தான் காட்டும். காற்று அடிப்பவரின் மீட்டர் ஒன்று சொல்ல, டேஷ்போர்டு வேறொன்று சொல்ல, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றும். அவரவர் கணக்குப்படி இரண்டுமே சரி. மலையில் நம்ப வேண்டியது கையில் இருக்கும் அளவுமானியைத்தான். டேஷ்போர்டில் 33 வரும்வரை அடித்துக்கொண்டே போனால் டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகிவிடும்.

எனவே அன்று காலை செய்ய வேண்டியது எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியின் டயரை ஓட்டும் முன் அளக்க வேண்டும். பங்க் பக்கத்தில் இருந்தால், மெதுவாக ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டிப் போவதால் கணக்குக் கெடாது. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடியுங்கள். ஊட்டியில் 33 வைத்துவிட்டு இறங்கினால் கீழே வெயிலில் டயர் வெடித்துவிடாதா என்று சிலர் பயப்படுவார்கள். அதே டயர் மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரிக்கு வந்து நிற்கும்போது 34 பிஎஸ்ஐதான் இருக்கும். வெப்பம் ஏற்றுவதை வெளியழுத்தம் கொஞ்சம் இறக்கிவிடும். மலைப்பாதையில் சூடான டயரில் காற்றைத் திறந்துவிடுவதுதான் தவறு. நைட்ரஜன் அடித்திருக்கிறோமே என்பதும் இங்கே உதவாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குளிருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் சுருங்கும்.

அளக்கும்போது நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 29, 29, 28, 29 என்றால் அது குளிரின் வேலை. 29, 29, 23, 29 என்றால் குளிரைக் குறை சொல்லாதீர்கள். அந்த ஒரு டயரில் ஆணியோ, வால்வில் கசிவோ இருக்கிறது. குளிர் அதை வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். வால்வு வாயில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி வரும். வராவிட்டால் பஞ்சர் கடைக்குப் போய் டயரைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ரீசெட். நண்பர்கள் பலர் தவறு செய்வது இங்கேதான். விளக்கு எரிந்தால் முதலில் அந்தப் பொத்தானைத் தேடுகிறார்கள். அதை அழுத்தினால் விளக்கு அணைகிறது. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

ரீசெட் எல்லா வண்டிக்கும் பொதுவானதல்ல. டேஷ்போர்டில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனி எண் வருகிறதென்றால், சக்கரத்துக்குள் சென்சார் இருக்கிறது. இந்த வகையில் பெரும்பாலும் எதையும் அழுத்தத் தேவையில்லை. வண்டி நிற்கும்போது சென்சார்கள் பேட்டரியைச் சேமிக்கத் தூங்கும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் விழித்துப் புது அளவை அனுப்பும். அதனால் காற்று அடித்த உடனே விளக்கு அணையாவிட்டால் பதற வேண்டாம். சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஓட்டிய பிறகும் எரிந்தால் மறுபடி அளந்து பாருங்கள்.

எண் எதுவும் காட்டாமல் விளக்கு மட்டும் எரியும் வண்டிகள் வேறு ரகம். இவற்றில் பெரும்பாலானவற்றில் டயருக்குள் ஒன்றுமே இல்லை. பிரேக்கின் ஏபிஎஸ் அமைப்புக்காகச் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் ஏற்கெனவே இருக்கிறது. காற்று குறைந்த டயர் சற்றே அமுங்கும். அமுங்கிய சக்கரம் அதே தூரத்தைக் கடக்க மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. இந்த ரகத்துக்கு 33 என்றால் என்னவென்றே தெரியாது. நீங்கள் ரீசெட் அழுத்தும் நேரத்தில் டயர்கள் எப்படி இருக்கின்றனவோ, அதுதான் சரியான நிலை என்று எடுத்துக்கொள்ளும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு டயரில் 25 இருக்கும்போது காற்று அடிக்காமல் ரீசெட் அழுத்தினால், அந்தக் குறையே இனி அளவுகோல். விளக்கு அணையும். அதிலிருந்து இன்னும் வெகுவாக இறங்கும்வரை வண்டி வாய் திறக்காது. காற்றை மட்டும் அடித்துவிட்டு ரீசெட் செய்யாமல் விட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். அது தொல்லைதான், ஆபத்தில்லை. நான்கு டயரிலும் ஒரே அளவில் குளிரால் இறங்கும் காற்றை இந்த ரகம் எளிதில் கண்டுபிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கும் சேர்ந்து அமுங்கினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ஊட்டிக் காலையில் இப்படிப்பட்ட வண்டியில் விளக்கு எரிந்தால், ஏதோ ஒரு டயர் மற்றவற்றைவிட மோசம் என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே முதலில் ஆறிய டயர்களில், நான்கிலும் ஸ்டிக்கர் அளவுக்குக் காற்று. பிறகு வண்டியை நிறுத்தி, இக்னிஷனைப் போட்டுவிட்டு ரீசெட். சில வண்டிகளில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் விளக்கின் அதே படம் போட்ட பொத்தான் இருக்கும். அதை விளக்கு சிமிட்டும்வரை சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். சிலவற்றில் திரையின் வாகனப் பகுதிக்குள் போய் SET என்பதைத் தொட வேண்டும். உங்கள் வண்டியில் எது என்பது கையேட்டில் இருக்கும். பொத்தானை அழுத்தியதும் பாதுகாப்பு வந்துவிடாது. புது நிலையைக் கற்றுக்கொள்ளப் பல வேகங்களில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். காற்று அடிக்கும்போது மட்டுமல்ல, டயரை மாற்றினாலும், முன்னது பின்னது இடம் மாற்றினாலும், ஸ்டெப்னியைப் போட்டாலும் இந்த ரீசெட் தேவை.

விளக்கு வேறொரு விதமாகவும் நடந்துகொள்ளும். வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு, பிறகு நிலையாக எரியும். இதற்குக் காற்றோடு சம்பந்தமில்லை. அமைப்பே பழுதாகியிருக்கிறது. டயருக்குள் சென்சார் இருக்கும் வண்டியில் பெரும்பாலும் ஏதோ ஒரு சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கும். அது ஐந்து முதல் பத்து வருடம் உழைக்கும். பேட்டரியை மட்டும் தனியாக மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். அதற்கு டயரை ரிம்மிலிருந்து கழற்றியாக வேண்டும் என்பதால், வண்டிக்கு ஏழெட்டு வயதாகியிருந்தால் அடுத்த முறை டயர் மாற்றும்போதே சென்சாரையும் மாற்றச் சொல்லிவிடுங்கள். கழற்றி மாட்டும் கூலி ஒரு முறையோடு போகும்.